மனப்பாடம் செய்து எழுதியது எப்படிக் குற்றமாகும்? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். "யாரையும் பார்த்து எழுதலப்பா, எல்லாம் மனசுல இருந்து எழுதுனதுதான்னு சொல்லி அழுகிறாள்." உங்கள் பெண் உண்மையைத்தான் சொல்கிறாள் என்று நம்புகிறேன். அதே சமயம், கட்டுரையில் பிறர் எழுத்தை எடுத்து எழுதியிருக்கிறாள் என்று இங்கிலாந்தில் அவள் படிக்கும் பல்கலைக்கழகம் அனுப்பிய விசாரணைக் கடிதமும் பொய்யில்லை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவளுக்குப் புரிந்தால்தான் அடுத்த வாரக் கூட்டத்தில் சரியாகப் பேச முடியும்.

நம் பள்ளிக்கூடத்தில் 'காப்பி' என்றால் என்ன? பிட் கொண்டு போவது, பக்கத்தில் இருப்பவர் பேப்பரைப் பார்ப்பது. அதாவது கண்ணால் பார்த்து எழுதினால் குற்றம். அதே வரிகளை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உருப்போட்டு எழுதினால் உழைப்பு. அதற்கு முழு மதிப்பெண். மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்த காலத்தில் நானும் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தவன்தான். பாதி பாடநூலில் இருந்து, கொஞ்சம் கைடில் இருந்து, மீதி என்னுடையது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மாணவி தன் சொந்த நடையில் பதில் எழுதியபோது, "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா திருத்துறவர் விடைக்குறிப்பைப் பார்த்துத்தான் மார்க் போடுவார், நோட்ஸ்ல இருக்கிறதையே எழுது" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பரீட்சைக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்பது, கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு உதவும் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பன்னிரண்டு வருடம் இப்படிப் படித்த பிள்ளைக்கு இரண்டு எண்ணங்கள் ஊறிவிடுகின்றன. எழுத்துக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. அது 'நோட்ஸ்', அவ்வளவுதான். அப்புறம், ஒன்றைத் தலையில் ஏற்றிவிட்டால் அது தன்னுடையது. பல்கலைக்கழகம் கோடு போடும் இடமே வேறு. பார்த்து எழுதினாயா, நினைவில் இருந்து எழுதினாயா என்று அது கேட்பதில்லை. இந்த வாக்கியமும் இந்தக் கருத்தும் யாருடையவை, அதை வாசிப்பவருக்குச் சொன்னாயா என்றுதான் கேட்கிறது. இது வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தில் திரும்பத் திரும்ப வரும் 'என்மனார் புலவர்' என்ன செய்கிறது? முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னது என்றே சொல்கிறது. நம் நாட்டிலும் யூஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தரச் சொல்வார்கள். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

இப்போது அவளுடைய கட்டுரை. எழுத்து ஒற்றுமையைத் தேடும் 'டர்னிட்டின்' என்ற மென்பொருளின் அறிக்கையில் 34 சதவீதம் என்று வந்ததைப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கைத் திருடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. வேறு எழுத்துகளோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் அளவைத்தான் அந்த எண் காட்டும். நூற்பட்டியல், கேள்வித்தாளின் வரிகள், மேற்கோள் குறிக்குள் இருப்பவைகூட அதில் சேர்ந்திருக்கலாம். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் வண்ணமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கவலைப்பட வேண்டியவை மூன்று பத்திகள். மூன்றும் ஒரே மாதிரி. அதில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்கிறேன்.

மூலத்தில் இருப்பது: "டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரில் முட்டையிடுகிறது, வாரம் ஒருமுறை அந்த நீரை அகற்றினால் கொசுப் பெருக்கம் குறையும்."

அவள் எழுதியது: "டெங்குவைப் பரவச் செய்யும் ஏடிஸ் கொசு வீட்டருகே தேங்கிய நீரில் முட்டை போடுகிறது; வாரத்துக்கு ஒரு தடவை அந்த நீரைக் கொட்டினால் கொசுக்கள் பெருகுவது குறையும்."

ஏழெட்டுச் சொற்கள் மாறியிருக்கின்றன. வாக்கியத்தின் எலும்பு அப்படியே நிற்கிறது, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-களில் இதற்கு 'பேட்ச் ரைட்டிங்' என்று பெயர் வைத்தார். நாம் ஒட்டுப்போட்ட எழுத்து என்று சொல்லலாம். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே, புதிய துறையின் மொழி இன்னும் கைவராத மாணவர்கள் இப்படி எழுதுவார்கள் என்பது அவர் கருத்து.

வழக்கமாக எல்லாரும் சொல்லும் யோசனை, "படி, புத்தகத்தை மூடு, அப்புறம் எழுது" என்பது. உங்கள் பெண்ணுக்கு இது உதவாது. புத்தகத்தை மூடினாலும் வரிகள் அவள் கண்முன் ஓடும். அந்தப் பயிற்சியைத்தான் நாம் கொடுத்திருக்கிறோம். எனவே குறிப்பெடுக்கும்போதே வாக்கியமாக எழுதக் கூடாது. தனிச் சொற்களாக, முடிந்தால் தமிழில் எழுதட்டும்: ஏடிஸ், தேங்கிய நீர், வாரம் ஒருமுறை, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம். ஒரு வரியை அப்படியே எடுக்க வேண்டியிருந்தால் சிவப்பு மையில், மேற்கோள் குறியோடு. மறுநாள் அந்தச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்காவது வாயால் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

அந்த யாராவது நீங்களாகவே இருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் இந்த டெங்கு விஷயத்தைக் கேட்டேன். "சார், எங்க தெருவுல நாலு நாளைக்கு ஒருதடவைதான் குழாயில தண்ணி வரும். குடத்துலயும் டிரம்லயும் பிடிச்சு வச்சிருக்கிற தண்ணியைக் கொட்டுன்னா யார் கொட்டுவாங்க? மூடி வைக்கத்தான் சொல்லணும்" என்றாள். அவள் கட்டுரையில் இல்லாத, அவளுடைய சொந்தக் கருத்து அதுதான். கொசுவைப் பற்றிய தகவலுக்கு மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, "ஆனால் தண்ணீர் தினமும் வராத ஊரில் இந்த அறிவுரை செல்லாது, ஏனென்றால்..." என்று தொடங்கியிருந்தால் அதற்குத்தான் மதிப்பெண் கூடியிருக்கும். ஏன் அதை எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அது நானா சொல்றதுதானே சார், புக்ல இல்லையே" என்றாள்.

கூட்டத்துக்கு வருவோம். "தெரியாமல் செய்தேன், அதனால் குற்றமில்லை" என்று வாதாட வேண்டாம். பல பல்கலைக்கழகங்களின் விதிப்படி, எண்ணம் இல்லாவிட்டாலும் அது மீறல்தான். எண்ணத்தைப் பெரும்பாலும் தண்டனையை முடிவு செய்யும்போதுதான் பார்ப்பார்கள். மூன்று பத்திகளையும் தானே காட்டி, இதை இப்படி எழுதினேன், இந்தப் பழக்கத்தால் வந்தது, இனி இப்படிச் செய்வேன் என்று சொல்லட்டும். கையெழுத்துக் குறிப்புகள், கட்டுரையின் பழைய வடிவங்கள், ஒரு பத்தியைத் திருத்தி எழுதிய மாதிரி ஆகியவற்றை எடுத்துப் போகட்டும். அங்கே மாணவர் சங்கத்தில் இலவச ஆலோசகர்கள் இருப்பார்கள். கூட்டத்துக்கு முன்பே அவர்களைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். முதல் தடவை என்றால் பெரும்பாலும் மதிப்பெண் குறைப்போடோ, மறுபடி எழுதித் தருவதோடோ முடியும். விசாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் படிப்பிலிருந்து பெயரை நீக்கினாலோ, படிப்பை இடையில் நிறுத்திவைத்தாலோதான் அந்தச் சிக்கல் வரும்.

விசாரணைக்கு அவள் எழுதும் விளக்கக் கடிதத்தை நீங்களோ நானோ எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், படித்துப் பார்த்துக் கேள்வி மட்டும் கேட்கிறேன்.