முதியவர்களுக்கான மாத்திரை நினைவூட்டும் சாட்பாட்: கேள்வி பதில்

ஆப் செய்பவர்: எழுத்தளவை 24 ஆக்கிட்டேன். பெரியவங்களுக்கு அது போதும்தானே?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பலர் போன் செட்டிங்ஸிலேயே எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 14-இல் அது 200 சதவீதம் வரை போகும். எழுத்தளவை `sp` அலகில் கொடுத்து, 200-இல் வைத்துத் திறந்து பாருங்கள். "போட்டேன்", "போடவில்லை" என்ற இரண்டு பட்டன்களும் வெட்டுப்பட்டு "போ…" என்று நின்றால், பெரியவர் எதைத் தொடுவார்? பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். ஒரு திரைக்கு ஒரு கேள்வி போதும்.

ஒரு மகள்: அம்மா பேசி முடிக்கிறதுக்குள்ள "புரியவில்லை"ன்னு சொல்லிடுது. எங்க ஊர்ப் பேச்சு அதுக்குப் பிடிபடலையோ?

வட்டாரப் பேச்சும் சிக்கல்தான். ஆனால் முதலில் மைக் எப்போது மூடுகிறது என்று பாருங்கள். பேச்சு சற்று நின்றாலே, பேச்சை எழுத்தாக்கும் இன்ஜின்கள் பல மைக்கை மூடிவிடும். "காலைல சாப்டுட்டு… அந்த வெள்ளை மாத்திரைய…" என்று அம்மா யோசிக்கிறார். போட்டாரா இல்லையா என்பது தமிழில் கடைசியில்தான் வரும். அதற்குள் மைக் மூடிவிடுகிறது. பதிவுகளில் வாக்கியங்கள் வினைச்சொல் இல்லாமல் நின்றிருந்தால் காரணம் இதுதான்.

காத்திருக்கும் நேரத்தை மூன்று நொடியாக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் அதற்கு அமைப்பு உண்டு, ஆனால் எல்லா இன்ஜினும் அதை மதிப்பதில்லை. குரலை ஆப்பே பதிவு செய்து, "பேசிட்டேன்" பட்டனைத் தொட்டதும் அனுப்புவதுதான் என் தேர்வு. அழுத்திப் பிடித்தபடி பேசச் சொல்ல வேண்டாம். நடுங்கும் விரல் நழுவிவிடும்.

ஒரு பேரன்: தாத்தாவுக்குக் காது மந்தம். சத்தமா கேட்கிற போன் எதுங்க?

எந்த போன் என்று என்னால் சொல்ல முடியாது, தம்பி. பாட் பேசும் விதத்தைச் சொல்கிறேன். வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மங்கும். அதனால் சத்தத்தை மட்டும் கூட்டினால் சொற்கள் தெளியாது. தாழ்ந்த சுருதியில் பேசும் குரலை எடுத்து வேகத்தைக் குறையுங்கள். பாட்டின் குரலை அமைக்கும் SSML குறியீட்டில் `<prosody rate="85%">` நல்ல தொடக்கம். கேட்கவில்லை என்றால் முதலில் அதே சொற்களையே திரும்பச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் புதுக் கேள்வி என்று நினைப்பார். அதுவும் பிடிபடாவிட்டால் இன்னும் சுருக்கலாம்.

நர்ஸ் ஒருவர்: மறதி உள்ளவங்க "மாத்திரை போட்டேனா?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. "போட்டுட்டீங்க"ன்னு பாட் தப்பா சொல்லிட்டா?

சரியான பயம். சாட்பாட்டுக்குத் தெரிந்தது அவர் சொன்னது மட்டும்தான். ஆகவே, "8 மணிக்கு, போட்டதாகச் சொன்னீங்க. மாத்திரை டப்பாவில் காலை வேளை அறையைப் பாருங்க" என்று ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்லட்டும். "ஏற்கெனவே சொன்னேனே" என்ற தொனி கூடாது. அறையில் மாத்திரை இருந்தால், போடச் சொல்லாமல் வீட்டாரை அழைக்க வேண்டும்.

அதே நர்ஸ்: எத்தனை தடவை கேட்டா பிள்ளைங்களுக்குத் தகவல் போகணும்?

இதில் எனக்கே தெளிவில்லை. சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு வேவு. தொடங்கும்போதே பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி வைப்பதோடு இப்போதைக்கு நிற்கிறேன்.