வீட்டுக்காரரின் ‘ங்க’

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்குப் பத்து நிமிட நாடகம் எழுதியிருக்கிறேன். கதை நடப்பது கோவையில். வாடகை பாக்கி கேட்டு வரும் கோபிச்செட்டிபாளையத்து வீட்டுக்காரர், 12 வருடமாகக் கோவையில் இருக்கும் திருநெல்வேலிக்காரர், ஊரிலிருந்து வந்திருக்கும் அவர் அம்மா, ஒரு ஆட்டோ ஓட்டுநர். வீட்டுக்காரருக்கு வரிக்கு வரி ‘ஏனுங்க’, மகனுக்கு ‘ஏலே’, அம்மாவுக்கு ‘வந்துட்டாய்ங்க’, ஆட்டோக்காரருக்கு ‘இன்னா’ என்று போட்டேன். ஒத்திகை பார்த்தவர்கள் நம்பும்படி இல்லை என்கிறார்கள். யாருக்கு எந்தப் பேச்சு என்று எப்படி முடிவு செய்வது?

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டுக்காரரிலிருந்து தொடங்குகிறேன். நாடகத்தின் சூடே அவர் பேச்சில்தான் இருக்கிறது.

கொங்குப் பேச்சில் ‘ங்க’ என்பது கேட்பவருக்குத் தரும் மரியாதை. ‘நான் வந்தனுங்க’ என்பவர் எதிரில் நிற்பவரை மதித்துச் சொல்கிறார். அது பெரும்பாலும் வினையின் கடைசியில் வந்து ஒட்டும்: ‘தெரியாதுங்க’, ‘சொல்றனுங்க’, ‘வரலீங்க’. நீங்கள் வரியின் தலையில் ‘ஏனுங்க’ வைத்துவிட்டு, முடிவைப் பொதுத்தமிழில் விட்டுவிட்டீர்கள். ஊர் தெரிவது பெரும்பாலும் வினைமுடிவில்தான். ‘ஏனுங்க’ வாசலில் கூப்பிடும்போது ஒருமுறை வந்தால் போதும்.

இந்த ‘ங்க’ கேட்பவரைப் பொறுத்தது என்பதால் கோபம் ஏற ஏறக் குறையும். அதை நாடகத்துக்கே பயன்படுத்துங்கள். நுழையும்போது, “ஏனுங்க, போன மாசத்து வாடகை இன்னும் வரலீங்க.” நடுவில், “எப்பத் தருவீங்க?” இந்த ‘வீங்க’ பொதுப் பேச்சிலும் உள்ள பன்மை முடிவு, கொங்கு ‘ங்க’ இங்கே உதிர்ந்துவிட்டது. கடைசியில், “என்ற ஊட்டைக் காலி பண்ணிப்போட்டுப் போ.” மரியாதை முழுக்கப் போய்விட்டது. அவர் குரலை உயர்த்தாவிட்டாலும் அரங்கத்துக்கு அது கேட்கும்.

மகன் விஷயத்தில், அவர் எந்த ஊர்க்காரர் என்பதோடு யாரிடம் பேசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 12 வருடம் வேற்றூரில் இருப்பவர் வீட்டுக்காரரிடம் தன் ஊர்ப் பேச்சைக் காட்டமாட்டார். பொதுவான பேச்சுக்குப் போய்விடுவார். “சார், அதான் சொல்றேனே, ஒண்ணாம் தேதி குடுத்துடறேன்.” அம்மா பக்கம் திரும்பியதும் ஊர் வந்துவிடும்: “எம்மா, நான்தான் சொல்லுதேன்லா, ஒண்ணாந்தேதி குடுத்துருவேன்.” ஒரே விஷயம், ஒரே வாய், ஆனால் ‘சொல்றேன்’ இருந்த இடத்தில் ‘சொல்லுதேன்’. இந்தத் திருப்பத்தை ஒரு காட்சியில் ஒருமுறையாவது வையுங்கள். ‘ஏலே’யை அவர் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரரிடமும் அம்மாவிடமும் அதைச் சொல்ல அவருக்கு வழியே இல்லை. அது அம்மா மகனைக் கூப்பிடும் சொல்.

அம்மா ஊரிலிருந்து வந்தவர், யாரிடமும் மாற்றிப் பேசப் பழகாதவர். நெல்லைப் பேச்சு முழுதாக அவரிடம்தான் இருக்க வேண்டும். அங்கேதான் ‘வந்துட்டாய்ங்க’ பெரிய தவறு. அது மதுரைப் பக்கத்து முடிவு. அங்கேயும் மரியாதை இல்லாத பன்மை. மதிப்பவரைப் பற்றி மதுரை, சிவகங்கைப் பக்கம் ‘அவுக வந்துட்டாக’ என்பார்கள். நெல்லை அம்மா வீட்டுக்காரரைச் சுட்டி இப்படிச் சொல்வார்: “ஏலே, அவிய வந்து நிக்காவ. நீ என்ன சொல்லுத?” அவரிடம் நேராகப் பேசும்போது, “உக்காருங்க, காப்பி குடிக்கியளா?”

ஆட்டோ ஓட்டுநருக்கு ‘இன்னா’ எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோவையில் ஆட்டோ ஓட்டுபவர் சென்னைத் தமிழ் பேச, சென்னையிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். கதையில் அப்படி ஒன்றும் இல்லை. தொழிலை வைத்துப் பேச்சைக் கொடுத்துவிட்டீர்கள். அவரும் ‘எங்கீங்க போகோணும்?’ என்று கேட்கட்டும். வீட்டுக்காரரும் இவரும் ஒரே பேச்சுக்காரர்கள் என்றால், உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு நடுவில் வெளியூர்க்காரர் மாட்டிக்கொண்ட நிலை தானாகவே வந்துவிடும்.

எழுதும்போது முடிவுகளையும் விளிகளையும் மட்டும் ஊர்ப்படி எழுதுங்கள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதி நடிகர் கையில் கொடுத்தால் அவர் அதை அழுத்திச் சொல்வார், கேலி போல ஆகிவிடும். ஒலியை நடிப்பவரிடம் விடுங்கள்.

அப்புறம், உங்கள் குடியிருப்பில் நெல்லைக்காரர் ஒருவராவது இருப்பார். வசனத்தைக் காட்டி ‘சரியா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்குச் சரி என்றுதான் சொல்வார். ‘வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், உங்கள் அம்மா உங்களிடம் எப்படிச் சொல்வார்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மா வேடத்தையும் அந்த வீட்டிலேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.