1.64 போதாது, 1.88 வேண்டும்: லித்தியம் வினையை வைத்துச் சில கேள்விகள்

அணுக்கரு வினைகளின் பயன்தொடக்க ஆற்றல், அதாவது வினை நடக்க மோதும் துகளிடம் இருக்க வேண்டிய மிகக் குறைந்த இயக்க ஆற்றல் பற்றி வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றியே வந்தன. அதனால் லித்தியம்-7 மீது புரோட்டான் மோதி, பெரிலியம்-7 கருவும் ஒரு நியூட்ரானும் வெளிவரும் வினையையே கூடுமானவரை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பதை மெ.எ.வோ. என்று சுருக்கியிருக்கிறேன். Q மதிப்பு என்பது வினையில் நிறை மாறுவதால் வெளியாகும் ஆற்றல்; அதற்கு எதிர்க்குறி இருந்தால் அவ்வளவு ஆற்றலை நாம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: இந்த வினைக்கு Q மதிப்பு −1.644 மெ.எ.வோ. என்று கணக்கிட்டேன். அப்படியானால் 1.7 மெ.எ.வோ. புரோட்டான் போதும் என்று விடை எழுதினேன். தவறு என்றார்கள். குறைகிற ஆற்றலைக் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும்?

Q மதிப்பைச் சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறீர்கள். லித்தியம்-7 அணுவின் நிறை 7.016003, ஹைட்ரஜனுடையது 1.007825, கூட்டினால் 8.023828 அணுநிறை அலகு. மறுபக்கம் பெரிலியம்-7க்கு 7.016929, நியூட்ரானுக்கு 1.008665; மொத்தம் 8.025594. வினைக்குப் பிறகு நிறை 0.001766 அலகு கூடியிருக்கிறது. ஒரு அலகு நிறை 931.5 மெ.எ.வோ.வுக்குச் சமம் என்பதால், அதை 931.5 ஆல் பெருக்கினால் 1.64 மெ.எ.வோ. வரும். இந்த ஆற்றலை எங்கிருந்தாவது கொண்டுவந்தே தீர வேண்டும்.

புரோட்டானின் இயக்க ஆற்றலிலிருந்துதான் அது வர வேண்டும். ஆனால் அந்த ஆற்றல் முழுவதையும் செலவழிக்கப் புரோட்டானால் முடியாது. மோதுவதற்கு முன் லித்தியம் அசையாமல் நிற்கிறது, புரோட்டான் ஓடி வருகிறது. ஆக மொத்த உந்தம் பூஜ்யம் இல்லை. மோதிய பிறகும் அதே உந்தம் இருந்தாக வேண்டும். பெரிலியமும் நியூட்ரானும் இரண்டுமே நின்றுவிட்டால் உந்தம் எங்கே போகும்? அவை முன்னோக்கி நகர்ந்தே ஆக வேண்டும். நகர்ந்தால் அவற்றிடம் கொஞ்சம் இயக்க ஆற்றல் தங்கிவிடும். அந்தத் தொகை நிறையாக மாறாது.

எவ்வளவு தங்கும் என்பதையும் பார்த்துவிடலாம். நிற்கிற களிமண் உருண்டை மீது இன்னொரு உருண்டையை எறிந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்கிறதே, கணக்கு அதேதான். மோதும் துகளின் நிறை m, இலக்கின் நிறை M என்றால், ஆற்றலில் m/(m+M) பங்கு நிறைமையத்தின் நகர்வுக்குப் போய்விடுகிறது. மீதி M/(m+M) பங்குதான் வினைக்குக் கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ எட்டில் ஏழு. உங்கள் 1.7 மெ.எ.வோ.வில் வினைக்குக் கிடைப்பது 1.49 மட்டுமே, 1.64 தேவைப்படும் இடத்தில் அது போதாது. கிடைக்கும் பங்கு சரியாக 1.644 ஆக வேண்டுமென்றால்:

E = |Q| × (1 + m/M) = 1.644 × 8.024/7.016 = 1.88 மெ.எ.வோ.

இதுதான் பயன்தொடக்க ஆற்றல். இதை எழுதும்போது வினைக்குப் பிறகு வரும் கருவின் நிறையை M இடத்தில் போட்டுவிடுபவர்கள் நிறைய. லித்தியத்துக்கும் பெரிலியத்துக்கும் நிறை கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இங்கே பிழை வெளியே தெரியாது. வேறு வினையில் மாட்டிவிடும். M என்பது நின்றுகொண்டிருந்த இலக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: 1.88 மெ.எ.வோ. கொடுத்தால் வினை "அப்போதுதான்" நடக்கிறது. அப்படியென்றால் நியூட்ரான் பூஜ்ய ஆற்றலுடன் பிறக்க வேண்டாமா?

நிறைமையத்தோடு சேர்ந்து நகர்கிறவர் பார்த்தால் அப்படித்தான் தெரியும்: நியூட்ரானும் பெரிலியமும் ஒன்றையொன்று விட்டு விலகவே இல்லை. ஆய்வகத்தில் நிற்கும் நமக்கு இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓடுகின்றன. குறிப்பிட்ட உந்தத்தை மிகக் குறைந்த இயக்க ஆற்றலில் சுமக்க அதுதான் வழி. ஒன்றுக்கொன்று வேகம் வேறுபட்டால் அந்த வேறுபாட்டுக்குத் தனியாக ஆற்றல் செலவாகும்.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 1.880 இல் 1.644 நிறையாக மாறியது, மீதம் 0.236 மெ.எ.வோ. ஒரே வேகம் என்பதால் அது நிறை விகிதத்தில் பிரிகிறது: பெரிலியத்துக்குச் சுமார் 0.206, நியூட்ரானுக்குச் சுமார் 0.030. அதாவது இந்த வினையின் முதல் நியூட்ரான்களே 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டோடு, புரோட்டான் போன திசையிலேயே புறப்படுகின்றன.

எனக்கு இந்த வினையில் மிகவும் பிடித்த இடம் இது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வகத்தில் இதை வைத்தே ஒரு அளவீட்டு முறையை உருவாக்கினார்கள். புரோட்டானின் ஆற்றலைத் தொடக்கத்துக்குச் சற்று மேலே, 1.912 மெ.எ.வோ.வில் நிறுத்துவார்கள். அப்போது நியூட்ரான்கள் எல்லாம் முன்பக்கம் ஒரு கூம்புக்குள்ளேயே வருகின்றன. கூம்பின் முழு விரிவு சுமார் 120 பாகை. அவற்றின் ஆற்றல் பரவல், சுமார் 30 கோடி கெல்வின் வெப்பநிலையில் ஒரு விண்மீனுக்குள் அலையும் நியூட்ரான்களின் பரவலை நெருக்கமாக ஒத்திருக்கிறது. இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறக்குறையப் பாதி, முதிர்ந்த விண்மீன்களில் கருக்கள் மெதுவாக நியூட்ரான்களைப் பிடித்துப் பிடித்து உருவானவை. அந்தப் பிடிப்பு எவ்வளவு எளிதாக நடக்கிறது என்று அளக்க, மாதிரியைக் கூம்புக்குள் வைத்தால் போதும். Q மதிப்புக்கு மேல் நாம் கட்டும் அந்த உபரித் தொகை இல்லாவிட்டால் இந்தக் கூம்பே கிடையாது.

புரோட்டான் 1.92 மெ.எ.வோ.வைத் தாண்டியதும் சில நியூட்ரான்கள் பின்பக்கமும் திரும்பத் தொடங்குகின்றன, கூம்பு கலைந்துவிடும்.

கேள்வி: லித்தியத்தை நிறுத்திப் புரோட்டானை எறிவதற்குப் பதில், ஹைட்ரஜனை நிறுத்தி லித்தியத்தை எறிந்தால்?

Q மாறாது. அது நிறைகளை மட்டும் பொறுத்தது, யார் ஓடினார் யார் நின்றார் என்று பார்க்காது. பயன்தொடக்க ஆற்றல் மாறும், அதுவும் பெரிதாக. இப்போது m என்பது 7, M என்பது 1. வினைக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்குதான். எனவே லித்தியத்துக்குச் சுமார் 13.1 மெ.எ.வோ. கொடுக்க வேண்டும்.

வீண் செலவு போலத் தோன்றும். ஆனால் நிறைமையம் வேகமாக ஓடுவதால் நியூட்ரான்கள் குறுகிய கற்றையாக முன்னோக்கிக் குவிகின்றன. தொடக்கத்திலேயே ஒவ்வொன்றிடமும் சுமார் 1.4 மெ.எ.வோ. இருக்கும். பக்கவாட்டில் சிதறுவது குறைவு என்பதால், உணர்கருவிகளை இலக்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். பிரான்சின் ஒர்சே நகரில் லிகோர்ன் என்ற நியூட்ரான் மூலம் இதே வழியில்தான் இயங்குகிறது.

கேள்வி: இந்த 1.88 என்ற எண்ணை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நியூட்ரான் திடீரென்று வரத் தொடங்குமா?

கிட்டத்தட்ட அப்படித்தான். தாமிரம் அல்லது டான்டலம் தகட்டின் மேல் லித்தியம் பூசி, முன்னால் நியூட்ரான் எண்ணியை வைத்து, புரோட்டானின் ஆற்றலைச் சிறு சிறு படியாக ஏற்றுவார்கள். தொடக்கத்துக்குக் கீழே எண்ணியில் பின்னணி எண்ணிக்கை மட்டுமே இருக்கும். தாண்டியதும் ஏறத் தொடங்கும். ஆனால் எந்தப் படியில் ஏறியது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது நம்பகமில்லை, ஏனென்றால் ஏற்றம் மெதுவாகவே ஆரம்பிக்கிறது. பூச்சு தடிமனாக இருந்தால் எண்ணிக்கை, தொடக்கத்துக்கு மேலான ஆற்றலின் 3/2 அடுக்காக ஏறும். எனவே எண்ணிக்கையை 2/3 அடுக்குக்கு உயர்த்தி வரைபடம் போட்டால் நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைக் கீழே நீட்டி, அது அச்சைத் தொடும் இடத்தைப் படிப்பார்கள்.

முடுக்கியின் ஆற்றல் அளவுகோலைச் சரிபார்க்கவும் இதே வினையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். கோடு அச்சைத் தொடும் இடத்தில் கருவி 1.90 காட்டினால், தவறு அளவுகோலில் இருக்கலாம்; லித்தியத்தின் மேல் கார்பன் படிந்திருந்தாலும் அப்படி ஆகும், ஏனென்றால் புரோட்டான் அந்தப் படிவைக் கடக்கும்போதே கொஞ்சம் ஆற்றலை இழந்துவிடுகிறது. புதிய இலக்கை வைத்து ஒருமுறை எடுத்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஆற்றலை இன்னும் ஏற்றினால் 2.37 மெ.எ.வோ.வில் இன்னொரு நியூட்ரான் கூட்டம் சேர்கிறது. பெரிலியம்-7க்கு 0.429 மெ.எ.வோ. உயரத்தில் ஒரு கிளர்ச்சி நிலை உண்டு. அதற்கு வேண்டியது 1.644 + 0.429 = 2.073. அதையும் 8.024/7.016 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: ரூதர்ஃபோர்டின் நைட்ரஜன் வினைக்குத் தொடக்கம் 1.53 மெ.எ.வோ. என்று கணக்கு வருகிறது. 1.6 மெ.எ.வோ. ஆல்ஃபா துகளை விட்டால் புரோட்டான் வருமா?

உங்கள் கணக்கு சரி: Q −1.19, அதை 18/14 ஆல் பெருக்கினால் 1.53. ஆனால் நடைமுறையில் எண்ணியில் எதுவும் தெரியாது. பயன்தொடக்க ஆற்றல் என்பது ஆற்றலும் உந்தமும் தடுக்காத எல்லை மட்டுமே. ஆல்ஃபாவும் நைட்ரஜன் கருவும் இரண்டும் நேர்மின் கொண்டவை. அவற்றுக்கிடையே உள்ள விலக்குவிசைத் தடை 4 மெ.எ.வோ. அளவில் இருக்கிறது. 1.6 மெ.எ.வோ. ஆல்ஃபா அதைச் சுரங்கம் போல ஊடுருவிப் போகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. 1919 இல் முடிவுகளை வெளியிட்ட ரூதர்ஃபோர்டிடம் இருந்த ஆல்ஃபாக்களுக்கு 7.7 மெ.எ.வோ. இருந்தது, அதனால் அவருக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

லித்தியம் வினையில் தடை ஏறத்தாழ 1.2 மெ.எ.வோ.தான், தொடக்கத்தைவிடக் குறைவு. வெளியேறும் நியூட்ரானுக்கோ மின்னூட்டமே இல்லை. அதனால்தான் அங்கே எல்லையைத் தாண்டிய உடனே எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது.

கேள்வி: |Q| × (1 + m/M) எப்போதும் சரியாக வருமா?

|Q| நிறைகளோடு ஒப்பிடச் சிறியதாக இருக்கும்வரை வரும். சார்பியல்படி முழுமையான வடிவம் இது:

E = |Q| × (m₁ + m₂ + m₃ + m₄) / (2 m₂)

m₂ தான் நிற்கிற இலக்கு; வினைக்குப் பிறகு எத்தனை துகள் இருந்தாலும் எல்லாவற்றின் நிறையையும் மேலே கூட்டிக்கொள்ள வேண்டும். லித்தியம் வினையில் இரண்டு வாய்ப்பாடுகளுக்கும் வித்தியாசம் வெறும் 200 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். பாடப்புத்தகக் கணக்குக்கு அது ஒன்றுமே இல்லை.

எதிர்ப்புரோட்டானை உருவாக்கும்போதுதான் எளிய வாய்ப்பாடு கைவிடுகிறது. புரோட்டான் மீது புரோட்டான் மோதி, புதிதாக ஒரு புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் பிறக்கின்றன. கூடுகிற நிறை இரண்டு புரோட்டான் அளவு, அதாவது 1.88 கிகா எலக்ட்ரான் வோல்ட். எளிய வாய்ப்பாடு அதை இரட்டித்து 3.75 என்று சொல்லும். முழு வாய்ப்பாட்டில் முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஆக ஆறு புரோட்டான் நிறையை இரண்டால் வகுக்கிறோம். மூன்று மடங்கு, 5.63 கிகா எலக்ட்ரான் வோல்ட். பெர்க்லியில் இருந்த பெவட்ரான் முடுக்கி 6.2 வரை போகும். 1955 இல் செக்ரே, சேம்பர்லைன் குழுவினர் அதில்தான் எதிர்ப்புரோட்டானைக் கண்டார்கள். அவர்கள் இலக்காக வைத்தது தாமிரம். தாமிரக் கருவுக்குள் இருக்கும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சும்மா நிற்பதில்லை, தாமே ஓடிக்கொண்டிருக்கின்றன. எதிரே ஓடிவரும் ஒன்றில் மோதினால் மொத்த உந்தம் குறையும், வீணாகும் பங்கும் குறையும். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் தொடக்கம் சுமார் 4.3 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை இறங்குகிறது.