மூக்கு பிடிக்கவில்லை என்பதும் மூக்கே வாழ்க்கையாகிவிடுவதும்

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. மூக்கு கோணல் என்று எப்போதும் கவலைப்படுகிறான். எங்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. இது வயசுக் கோளாறா, டாக்டரிடம் போக வேண்டுமா?

அந்தக் கவலை அவனுடைய நாளில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். மூக்கு பிடிக்காத பையன் கண்ணாடி முன் சலித்துக்கொள்வான், அப்புறம் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். இல்லாத குறையையோ சின்னக் குறையையோ பெரிதாக நினைத்து வாடும் மனநலப் பிரச்சினையான உடல் உருமாற்றக் கோளாறு என்றால் அந்த நினைப்பு தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், பலருக்குப் பல மணி நேரம். கண்ணாடி, போன் கேமரா என்று திரும்பத் திரும்பச் சரிபார்ப்பான், அல்லது கண்ணாடியையே தவிர்ப்பான். "கோணலாத் தெரியுதா?" என்று கேட்பான். "இல்லடா" என்றால் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு அதே கேள்வி. நீங்கள் தரும் ஆறுதலே அந்தச் சுழலுக்குத் தீனியாகிவிடுகிறது. அதனால் மூக்கைப் பற்றி வாதாடாமல், "இது உன்னை ரொம்ப வாட்டுதே" என்று அவன் வேதனையைப் பேசுங்கள்.

வகுப்புக்குப் போகாமல் இருக்கிறானா, போட்டோவுக்கு ஒளிகிறானா, ஆபரேஷன் கேட்கிறானா? ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். மூக்கு ஆபரேஷன் பெரும்பாலும் இதைத் தீர்ப்பதில்லை, கவலை வேறு உறுப்புக்குத் தாவலாம். நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இதற்கென்றே அமைந்த வடிவில், பலன் தருகிறது; தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் பலன் தருகின்றன. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்.

சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்காதீர்கள். இந்தக் கோளாறில் தற்கொலை அபாயம் அதிகம். அவனைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இந்தியாவில் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.