நிபந்தனை கடைசியில் வருகிறது

அன்புள்ள ஐயா,

நான் திருவொற்றியூரில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது தினமும் கடற்கரை ரயிலில் போய் பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. பாடம் ஆங்கிலத்தில் வேகமாகப் போகிறது. நான் ஒரு வரி எழுதுவதற்குள் பேராசிரியர் இரண்டு வரி தாண்டிவிடுகிறார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் பக்கம் நிறைய எழுத்து இருக்கிறது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. எப்படிக் குறிப்பு எடுப்பது?

ச., திருவொற்றியூர்

அன்புள்ள ச.,

நானும் காசிமேட்டிலிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு இயற்பியல் வகுப்பில் போய் உட்கார்ந்தவன்தான். அந்த முதல் வாரங்களில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். உங்கள் நோட்டிலும் அதே தவறு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் பேராசிரியர், 'ஆங்குலர் மொமெண்டம் இஸ் கன்சர்வ்ட் இஃப் நோ எக்ஸ்டெர்னல் டார்க் ஆக்ட்ஸ்' என்றார். 'கன்சர்வ்ட்' காதில் விழுந்ததுமே என் பேனா ஓடத் தொடங்கிவிட்டது. 'கோண உந்தம் மாறாது' என்று எழுதி நிமிர்ந்தபோது அவர் அடுத்த வாக்கியத்தில் இருந்தார். 'இஃப்' என்பதற்குப் பின்னால் வந்த எதுவும் நோட்டில் ஏறவில்லை. பிறகு தேர்வில், உராய்வினால் மெல்ல நிற்கும் சக்கரத்தைப் பற்றிய கணக்கு வந்தது. அதன் கோண உந்தமும் மாறாது என்று வைத்துப் போட்டேன். மொத்தக் கணக்கும் தப்பாகிவிட்டது. உராய்வு அந்தச் சக்கரத்தின்மேல் ஒரு திருப்பு விசையைச் செலுத்துகிறது அல்லவா?

இதற்குக் காரணம் என் எழுத்து வேகம் அல்ல, நம் மொழியின் பழக்கம். தமிழில் 'புறத் திருப்பு விசை இல்லாவிட்டால் கோண உந்தம் மாறாது' என்போம். நிபந்தனை முதலில் வந்துவிடும், வினைச்சொல் கடைசியில் நிற்கும். வினை காதில் விழுந்தால் வாக்கியம் முடிந்தது என்று குழந்தையிலிருந்தே பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுகிறது. 'இஃப்', 'அன்லெஸ்', 'ப்ரொவைடட்', 'எக்செப்ட்' எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும். நாம் பாதி வாக்கியத்திலேயே எழுதக் குனிந்துவிடுகிறோம்.

ஆகவே அவர் பேசும்போது பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். வாக்கியம் முடிந்து அவர் மூச்சு விடும்வரை கேளுங்கள். பிறகு தமிழ் வரிசையில், நிபந்தனையை முதலில் வைத்துச் சுருக்கமாக எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்கு நான் இன்று எழுதினால் இவ்வளவுதான் எழுதுவேன்:

```
வெளி τ = 0 என்றால் → L = Iω மாறாது
கையை மடக்கினால் I குறையும், ω கூடும் (சுழல் நாற்காலி)
```

நிபந்தனையைத் தவறவிட்டால் வரியின் முன்பாதியைக் காலியாக விட்டு, அம்புக்குறியிலிருந்து எழுதுங்கள். அந்த வெற்றிடம் மாலையில் உங்களை விடாது. என் பழைய நோட்டில் வெற்றிடமே இல்லை, அதனால்தான் எதை விட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

அவர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை வருவித்துக்கொண்டு போகும்போது இந்த முறை உதவாது. அப்போது பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வரி எப்படி வந்தது என்று புரியவில்லையோ அதன் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

இன்னொரு இடறல் கலைச்சொற்கள். 'நிலைமத் திருப்புத்திறன்' உங்களுக்கு நன்றாகத் தெரியும், கணக்கும் போட்டிருப்பீர்கள். ஆனால் 'மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா' என்று கேட்டால் புதிய பாடம்போல மனம் அங்கேயே நின்றுவிடுகிறது, அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது. முந்தைய இரவு 11ஆம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். இரண்டிலும் சூத்திரங்கள் ஒன்றுதான். I = Σmr² தமிழில் எங்கே இருக்கிறதோ அதே இடத்தை ஆங்கிலத்தில் தேடுங்கள், பக்கத்திலேயே அந்தச் சொல் இருக்கும். ஒரு வகுப்புக்கு எட்டு சொற்கள் போதும். அவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள், கண்ணுக்குப் பழகிய சொல் காதுக்கும் பழக வேண்டும். குறிப்பில் முடிந்தவரை குறியீட்டையே எழுதுங்கள். நான் தமிழ் எழுத்தில் 'டார்க்' என்று எழுதிவிட்டு, அது திருப்பு விசையா இருட்டா என்று ஒளியியல் பாடத்தின் நடுவே குழம்பியிருக்கிறேன். τ என்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மாலையில் கடற்கரையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் நோட்டைத் திறங்கள். அவருடைய குரல் இன்னும் காதில் இருக்கும் நேரம் அது. ஒவ்வொரு வரியையும் பார்த்து 'எப்போது?' என்று கேளுங்கள். பதில் சொல்லாத வரியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் பாதி வெற்றிடங்களை நீங்களே நிரப்பிவிடுவீர்கள். மீதியைப் புத்தகத்தில் பாருங்கள். அங்கும் கிடைக்காததை மறுநாள் பேராசிரியரிடம், 'புரியவில்லை சார்' என்று சொல்லாமல், 'இது மாறாது என்றீர்கள், எந்த நிபந்தனையில் சார்?' என்று கேளுங்கள். அதற்கு அவரால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியும். அந்த வாக்கியத்தையும் கடைசிவரை கேட்டுவிட்டு எழுதுங்கள்.