கேள்வி நடுவில் மாறுகிறதா? அப்படியானால் ஐந்து பீட்

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன் சார். திரைப்படக் கல்லூரி விண்ணப்பத்தோடு பத்து நிமிடப் படம் ஒன்று அனுப்ப வேண்டும். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் கதை. மாலையில் எடை போடும்போது 12 கிராம் குறைகிறது. தேடுகிறார். எடுத்தது சொந்த மகன்தான் என்று கடைசியில் தெரிகிறது. மூன்று அங்கமாக எழுதுவதா, ஐந்து பீட்டாகவா?

பதில்: ஐந்து பீட்டாக, அதாவது கதை ஒவ்வொரு படியாக நகரும் ஐந்து கட்டமாக எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால், மகன் எடுத்த விஷயத்தைக் கடைசியிலிருந்து படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எந்த வடிவம் என்று முடிவெடுக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான். பார்வையாளர் மனதில் ஓடும் கேள்வி படம் முழுக்க ஒன்றேதானா, நடுவில் மாறுகிறதா? பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுவரும் கதை என்று வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி நேரத்துக்குள் போய்ச் சேருவார்களா என்ற ஒரே கேள்விதான். அதற்கு மூன்று அங்கம் கச்சிதம். அதிலும், பெரிய படங்களில் செய்வதுபோல முதல் அங்கத்துக்குக் கால் பங்கு கொடுத்தால் ஜீப் கிளம்பவே இரண்டரை நிமிடம் ஆகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் கிளம்பிவிட வேண்டும்.

உங்கள் கதை அப்படிப்பட்டதில்லை. "வெள்ளி எங்கே போனது?" என்ற கேள்வி ஐந்து நிமிடம்தான் தாங்கும். படத்தில் ஒரு மகன் இருக்கிறான் என்றாலே பாதிப் பேர் ஊகித்துவிடுவார்கள். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால், அம்மாவுக்குத் தேடுவதைத் தவிர வேறு வேலையே இருக்காது. தெரிந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் உங்களிடம் இருக்கும் நல்ல கதை. அது இப்போது தாளில் இல்லை.

முதல் பீட், தராசு. காலையில் முதலாளி வெள்ளியை எடை போட்டு நோட்டில் எழுதிக் கொடுக்கிறார். எடையில்தான் இந்தத் தொழிலின் நம்பிக்கையே இருக்கிறது என்பது வசனமில்லாமல் புரிந்துவிடும். மதியம் மகன் சாப்பாட்டு கேரியர் கொண்டுவருவதும் இதிலேயே போகட்டும், ஒரே ஷாட்டில். இரண்டாவது பீட், மாலை எடை. சேதாரம் கழித்தும் 12 கிராம் குறைகிறது. மூன்றாவது, தேடல். பட்டறைத் தரையைக் கூட்டி, தூசியைச் சலித்து, ஒவ்வொரு பொடியாகப் பொறுக்குகிறார். கிடைக்கவில்லை. வீட்டில் கேரியரைக் கழுவும்போது அடிக் கிண்ணத்தில் மடித்த காகிதம். இங்கே கேள்வி மாறுகிறது. இந்த இடம் ஐந்தாவது நிமிடத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும்.

நான்காவது பீட்டைத்தான் நீங்கள் புதிதாக எழுத வேண்டும். மறுநாள் காலை முதலாளியின் சந்தேகம் பக்கத்தில் உட்கார்ந்து கொலுசைப் பற்றவைக்கும் பையன் மேல் விழுகிறது. அம்மாவுக்கு உண்மை தெரியும். சொன்னால் மகன் போச்சு, சொல்லாவிட்டால் அந்தப் பையன் போச்சு. இதற்கு மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் கொடுங்கள். ஐந்தாவது பீட் அவர் எடுக்கும் முடிவு. ஒரு நிமிடம் போதும். முடிவு எது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அவர் கையால் நடக்க வேண்டும். மகனே வந்து ஒப்புக்கொண்டுவிட்டால் அம்மா வெறும் பார்வையாளராகிவிடுவார்.

ஐந்து பீட் என்றதும் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று பங்கு போடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் முதல் இரண்டு பீட்டும் வீங்கிப் போய், நான்காவது நசுங்கிவிடுகிறது. உங்களுக்கும் பட்டறை, அடுப்பு, தெரு என்று எல்லாவற்றையும் முதலிலேயே காட்டிவிடத் தோன்றும். அதெல்லாம் தேடல் காட்சியிலேயே தானாக வந்துவிடும்.

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கை இந்தப் படத்துக்கு நம்பாதீர்கள். வசனம் குறைவு. "தரையைக் கூட்டிச் சலிக்கிறார்" என்று ஒரு வரியில் எழுதுவது திரையில் முக்கால் நிமிடம் ஓடும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீனையும் நீங்களே நடித்துப் பாருங்கள். டைட்டிலும் கடைசிப் பெயர் வரிசையும் பத்து நிமிடத்துக்குள் அடங்க வேண்டுமா என்று கல்லூரியின் விதிமுறையில் பார்த்துவிடுங்கள். அடங்க வேண்டுமென்றால் கதைக்கு ஒன்பதேகால் நிமிடம்தான். எடிட்டில் நீளம் கூடினால் முதல் பீட்டிலும் தேடலிலும் வெட்டுங்கள். நான்காவதில் கை வைக்காதீர்கள்.