சோக்கும் குண்டு பல்பும்: கூட்டினால் 308 வோல்ட்

கேள்வி: சீரீஸ் ஆர்.எல். சர்க்யூட்டில் கரன்ட் ஏன் பின்தங்குகிறது? வோல்ட்டேஜ் முக்கோணம் எங்கிருந்து வருகிறது? ஃபார்முலா மனப்பாடம், ஃபேசர் படம்தான் மண்டையில் ஏறவில்லை.

தக்கலையில் வீட்டு மாடியில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடத்தை நான் போர்டில் தொடங்குவதில்லை. ஆக்கர் கடையில் எடைக்கு வாங்கிய பழைய 40 வாட் டியூப்லைட் சோக் ஒன்றையும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் சீரீஸில் மாட்டி 230 வோல்ட் கொடுப்பேன். (வீட்டு மின்சாரம், விளையாட்டில்லை. மீட்டர் கிளிப்பை இடம் மாற்றும்போதெல்லாம் பிளக்கையே உருவிவிடுவோம்.) பல்பு மங்கலாக எரியும். போன வாரம் பல்பின் குறுக்கே 155 வோல்ட், சோக்கின் குறுக்கே 153 வோல்ட், கரன்ட் 0.345 ஆம்பியர் என்று கிடைத்தது.

"சார், கூட்டினா 308 வருதே, மீட்டர் போச்சா?" என்றான் ஒருத்தன்.

மீட்டர் நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், எப்போது என்று சொல்லாது. இரண்டு வோல்ட்டேஜும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. காரணம் சோக்கின் குணம். கரன்ட் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தல்ல, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தே அதில் வோல்ட்டேஜ் வரும்: v = L di/dt. சைன் அலையை வரைந்து பாருங்கள். கரன்ட் சுழியைக் கடக்கும் இடத்தில்தான் கோடு மிகச் செங்குத்தாக ஏறுகிறது. சோக்கின் வோல்ட்டேஜ் அங்கேதான் உச்சம். கரன்ட் உச்சியில் ஒரு கணம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சோக்கின் வோல்ட்டேஜ் அங்கே சுழி. ஆக, சோக்கின் வோல்ட்டேஜ் உச்சம் தொட்டுக் கால் சுற்று கழிந்துதான் கரன்ட் உச்சம் தொடும். 50 ஹெர்ட்ஸில் அது 5 மில்லி நொடி. சோக்கில் கரன்ட் தாமதம், பல்பில் தாமதமில்லை என்று சிலர் நினைப்பார்கள். சீரீஸில் ஓடுவது ஒரே கரன்ட். பல்பின் வோல்ட்டேஜ் அதோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது, சோக்கின் வோல்ட்டேஜ் அதற்கு முந்தி ஓடுகிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் படத்தில் கரன்டை முதலில் கிடைமட்டமாக வரைகிறோம். பல்பின் 155 அதன் மேலேயே படுக்கும். ஃபேசர்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதாகக் கணக்கு, எனவே முந்தி ஓடும் சோக்கின் அம்பு மேல்நோக்கி நிற்கும். தென்னந்தோப்பு வரப்பில் கிழக்கே 155 அடி நடந்து, வடக்கே 153 அடி நடந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்தூரம் 308 அடியா இருக்கும்? அந்தக் குறுக்குக் கோடுதான் சப்ளை வோல்ட்டேஜ்.

இங்கேதான் பெரும்பாலான நோட்டுகள் முடிந்துவிடும். ஆனால் பித்தகோரஸ் போட்டால் 218தான் வருகிறது, சப்ளையோ 230. சோக் வெறும் தூண்டல் இல்லை, உள்ளே நீளமான செம்புக் கம்பியும் இரும்புத் தகடுகளும் இருக்கின்றன. ஆகவே அதன் அம்பு நேர் செங்குத்தாக நிற்காமல் சற்று வலப்புறம் சாய்கிறது. எவ்வளவு சாய்வு என்று கண்டுபிடிக்கக் காம்பஸே போதும். 20 வோல்ட்டுக்கு 1 செ.மீ. என்று வைத்து, பல்புக்கு 7.75 செ.மீ. கோடு போடுங்கள். அதன் வலது முனையிலிருந்து 7.65 செ.மீ. வில், இடது முனையிலிருந்து 11.5 செ.மீ. வில். இரண்டும் வெட்டும் புள்ளியிலிருந்து கீழே செங்குத்துக் கோடு இறக்கினால், அது பல்புக் கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விழும். கணக்கில் அது 17.6 வோல்ட், உயரம் 152 வோல்ட்.

உண்மையான செங்கோண முக்கோணம் இதுதான்:

```
அடி    = 155 + 17.6 = 172.6 V
உயரம்  = 152 V
கர்ணம் = √(172.6² + 152²) ≈ 230 V
```

இடது முனைக் கோணம் சுமார் 41 டிகிரி. அதாவது சப்ளையின் உச்சத்துக்குப் பின் 2.3 மில்லி நொடி கழித்துக் கரன்டின் உச்சம். 90 டிகிரி இல்லை, ஏனென்றால் பல்பு தன் பக்கம் இழுக்கிறது. பக்கங்களை 0.345-ஆல் வகுத்தால் சோக்கின் மின்தடை 51 ஓம், தூண்டல் மறுப்பு 440 ஓம், அதாவது ஏறக்குறைய 1.4 ஹென்றி.

சோக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் 51-ஐ விடக் குறைவாகக் காட்டும். பயப்பட வேண்டாம். மீட்டர் கம்பியை மட்டும் பார்க்கிறது. முக்கோணத்தின் 51 ஓமில் இரும்பு சூடாகும் இழப்பும் அடக்கம்.

பல்புக்குப் பதில் டியூப்லைட்டையே மாட்டலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். மாட்டலாம், ஸ்டார்ட்டரும் சேர்த்தால் எரியும், ஆனால் முக்கோணம் சரியாக மூடாது. எரியும் டியூபின் வோல்ட்டேஜ் சைன் அலை இல்லை, கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். ஒரே அதிர்வெண் சைன் அலைகளைத்தான் இப்படி அம்புகளாக வரையலாம்.